நகர்ப் பொங்கல் விழா: அழைப்பிதழ், மண்டப அலங்காரம், மைக் செட், வசூல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நகரில் முதல் தடவையாகப் பொங்கல் விழா வைக்கிறோம். எஸ்டிமேட்டை எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு எண்ணிக்கையிலிருந்து. மண்டபத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது ஒன்று. எத்தனை வீடு பணம் கொடுக்கும் என்பது இன்னொன்று. கடைக்காரரிடம் விலை கேட்பது அதற்கப்புறம்தான். எண்ணிக்கை இல்லாமல் விலை கேட்டால், அவர் ஒரு பேக்கேஜ் சொல்வார், நாம் அதற்கேற்ப விழாவை வளைப்போம்.

நான் திருச்சிப் பக்கம் ஒரு நகர் நலச் சங்கத்தில் பொருளாளர். மொத்தம் 132 வீடுகள். சமுதாயக் கூடம் ஒன்றை மாலை நேரத்துக்கு எடுத்து, கோலப் போட்டிப் பரிசு, பிள்ளைகள் நடனம், பெரியவர்கள் பேச்சு என்று நடத்துகிறோம். மண்டப வாடகை சங்கத்தின் சந்தா பணத்திலிருந்து போகிறது. சாப்பாட்டை மகளிர் குழு தனிக் கணக்காகப் பார்த்துக்கொள்கிறது. மீதி மூன்று இனங்கள், அதாவது அழைப்பிதழ், அலங்காரம், ஒலி ஆகியவை என் பொறுப்பு. கீழே வரும் தொகைகள் எல்லாம் எங்கள் கணக்கில் வந்தவை. உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

வருகிறவர்களை எண்ண ஒரு வழி சொல்கிறேன். பணம் கொடுக்கும் வீட்டுக்கு மூன்று பேர் என்று வையுங்கள். எங்களுக்கு அது ஏறக்குறைய 300 பேர் வந்தது. மேடையேறும் பிள்ளைகள் அதிகமானால் கூட்டமும் அதிகமாகும், ஏனென்றால் ஒரு பிள்ளை ஆடினால் தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம் வரை வந்துவிடுவார்கள்.

அழைப்பிதழ் 500 அடித்தால் ஒன்றுக்கு விலை குறைகிறதே, அப்படியே அடித்துவிடலாமா?

வேண்டாம். இந்த இடத்தில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவும் மெஷின் ஓட்டும் கூலியும் எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதான். அதனால் 200 அடித்தாலும் 500 அடித்தாலும் மொத்தத் தொகை அதிகம் வித்தியாசப்படாது. டிஜிட்டல் பிரிண்டில் பிளேட் கிடையாது, பிரதிக்கு இவ்வளவு என்று நேர்க் கணக்கு.

எங்களுக்கு ஆஃப்செட்டில் 500 அட்டைக்கு ரூ.4,250 சொன்னார்கள். ஒன்றுக்கு எட்டரை ரூபாய். டிஜிட்டலில் அதே அட்டை 14 ரூபாய். கூட்டத்தில் எல்லோரும் எட்டரை ரூபாய்க்குத்தான் கை தூக்கினார்கள். நான் பட்டியலை வாசித்தேன்: வீடுகள் 132, விருந்தினர்கள், பக்கத்து நகர் நிர்வாகிகள், நன்கொடை தருகிறவர்கள் என்று ஒரு 40, கையிருப்புக்கு 20. கூட்டினால் 192. சரி, 200 என்று வைத்தால் டிஜிட்டலில் ரூ.2,800. தேவையில்லாத 300 அட்டைக்காக ரூ.1,450 கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்று முடிவானது. இந்த விலையில் 300 பிரதிக்கு மேல் போனால்தான் ஆஃப்செட் லாபம். உங்கள் அச்சகத்தில் இரண்டு விலையையும் கேட்டு, ஆஃப்செட் தொகையை டிஜிட்டல் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணுக்குக் கீழே உங்கள் தேவை இருந்தால் டிஜிட்டல்தான்.

அட்டையின் கனம் 250 ஜிஎஸ்எம் போதும். உறை விருந்தினர்களுக்கு மட்டும். வீடுகளுக்குக் கையில் கொடுக்கும்போது யாரும் உறை எதிர்பார்ப்பதில்லை. டிசைன் கூலி ரூ.500, உறை ரூ.100 சேர்த்து இந்த இனம் ரூ.3,400-இல் முடிந்தது.

அழைப்பிதழில் தப்பு வந்து மறுபடி அடிக்கும்படி ஆகிவிடுகிறது. எப்படித் தவிர்ப்பது?

புரூஃபைத் தாளில் வாங்கி, இரண்டு பேர் சத்தமாக வாசியுங்கள். செல்போனில் வந்த படத்தைப் பார்த்து 'ஓகே' போடாதீர்கள். எழுத்துப் பிழையைவிட அதிகம் வம்பு வருவது பெயருக்கு முன்னால் உள்ள இனிஷியலிலும், யார் பெயர் மேலே யார் பெயர் கீழே என்பதிலும்தான். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் இருக்கிறதா, தமிழ் மாதத் தேதி சரியா என்று காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். போன வருஷ அழைப்பிதழ் ஃபைலைத் திருத்தி அடிக்கும்போது பழைய கிழமை அப்படியே நின்றுவிடும். எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆகி, 150 அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

அப்புறம், பணம் கைக்கு வராமல் எந்த நன்கொடையாளர் பெயரையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஒரு கடைக்காரர் 5,000 தருகிறேன் என்றார், பின்பக்கம் முழுக்க அவர் விளம்பரம் போட்டோம். விழா முடிந்து பொங்கல் பானை கழுவி வைத்தாயிற்று, பணம் வரவேயில்லை. அடித்த அட்டையைத் திரும்ப வாங்க முடியுமா?

மண்டப அலங்காரத்துக்குப் பேக்கேஜ் 18,000 சொல்கிறார்கள். அதிகமா, நியாயமா?

அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிக்காத வரைக்கும் அதிகமா என்று சொல்லவே முடியாது. எங்களுக்குச் சொன்ன 18,000-இல் மேடைப் பின்திரை, வாசல் வளைவு, பூ, நின்று படம் எடுத்துக்கொள்ளும் பலகை, விளக்கு எல்லாம் இருந்தன. பிரித்துக் கேட்டபோதுதான் வாசல் வளைவு தெர்மகோலில் செய்தது என்று தெரிந்தது. பொங்கல் விழாவுக்கு வாழைமரமும் கரும்பும் கட்டினால் அதைவிட அழகு வேறென்ன வேண்டும்?

ஆகவே நமக்குச் செய்யத் தெரியாததை மட்டும் அலங்காரக்காரரிடம் விட்டோம். துணிப் பின்திரையைச் சட்டத்தோடு கட்டிக் கழற்ற ரூ.4,000. சீரியல் லைட்டும் நான்கு ஃபோகஸ் லைட்டும் ரூ.2,500. பெயர்ப் பலகை 10 அடிக்கு 4 அடி பிளெக்ஸ், சதுர அடிக்குச் சட்டத்தோடு ரூ.20 வீதம் ரூ.800. பின்திரை முழுவதையும் பிளெக்ஸாக அடித்தால் வருஷம் போட்டே ஆக வேண்டும், அடுத்த வருஷம் குப்பை. பெயர்ப் பலகையில் வருஷம் போடாமல் விட்டால் திரும்பவும் மாட்டலாம்.

குலை தள்ளிய வாழைமரம் ஒரு ஜோடி ரூ.1,200, கரும்பு இரண்டு கட்டு ரூ.1,000, கோலப்பொடிக்கும் மாவிலைக்கும் ரூ.300. ஏணி பிடித்து ஏறிக் கட்ட இரண்டு ஆள் கூலி ரூ.1,500. இந்தக் கூலியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் பையன்கள் கட்டிவிடுவார்கள் என்று நினைப்போம், அன்றைக்கு மத்தியானம் பார்த்தால் ஒருவன் பைக்கில் மைக்காரரைக் கூப்பிடப் போயிருப்பான், இன்னொருவன் தங்கைக்குச் சலங்கை வாங்கப் போயிருப்பான். மண்டபம் துப்புரவுக்கு ரூ.1,000 தனியாக வாங்குகிறார்கள். அது அலங்காரக் குப்பைக்காகத்தான், ஆகவே இந்த இனத்திலேயே சேர்த்தேன். பூ ரூ.2,000. கூட்டினால் ரூ.14,300.

பூவுக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு தடவையும் மிஞ்சுகிறது, இல்லாவிட்டால் பற்றாமல் போகிறது.

டேப் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் அளந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. மேடை முன்விளிம்பு எங்களுக்கு 24 அடி. சரத்தை இழுத்துக் கட்டினால் அழகில்லை, தொய்வு விட வேண்டும். அதற்காக நீளத்தைக் கால் பங்கு கூட்டுங்கள், 30 அடி ஆகிறது. பின்திரையின் இரண்டு ஓரமும் சேர்ந்து 20 அடி. வாசல் நிலைக்கு மேலே 6 அடியும் இரு பக்கம் ஏழேழு அடியும் சேர்ந்து 20 அடி. மொத்தம் 70 அடி. ஒரு முழம் ஏறக்குறைய ஒன்றரை அடி, ஆக 47 முழம். 50 முழம் என்று சொல்லி வைத்தோம். செவ்வந்திச் சரம் முழம் 40 ரூபாய்க்குக் கிடைத்தது, ரூ.2,000.

மல்லிகை வேண்டவே வேண்டாம். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து விழுந்துவிடும், பொங்கலை ஒட்டிக் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். செவ்வந்தியும் போகிப் பண்டிகைக்கு முந்தின நாள் ஏறும். நாங்கள் காணும் பொங்கல் கழிந்து அடுத்த ஞாயிறு விழா வைக்கிறோம். அந்தச் சில நாளில் பூ, வாழை, கரும்பு மூன்றும் இறங்கிவிடுகின்றன. ஆனால் தையில் முகூர்த்த நாள் நிறைய உண்டு. முகூர்த்தத்தன்று வைத்தால் பூவும் ஏறும், மண்டபமும் கிடைக்காது, மைக்காரரும் கல்யாணத்துக்குப் போய்விடுவார். தேதி குறிக்கும்போது காலண்டரில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பாருங்கள்.

சரத்தை முதல் நாள் வாங்காதீர்கள். நாங்கள் அன்று காலை ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையிலிருந்து வாங்கி, ஈரத் துணி போட்டு மூடி, மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டுகிறோம்.

மைக் செட்டுக்கு எத்தனை வாட்ஸ் கேட்பது?

வாட்ஸ் கேட்காதீர்கள், மண்டபத்தின் நீள அகலத்தையும் கூரை என்ன என்பதையும் சொல்லுங்கள். சமுதாயக் கூடம் என்றால் வெறுஞ்சுவர், சிமெண்ட் தரை, மேலே தகரமோ கான்கிரீட்டோ. சத்தம் சுவரில் மோதித் திரும்பி, பேச்சு புரியாமல் கசகசவென்று ஆகும். அப்போது பின்வரிசைக்காரர் 'கேட்கல' என்பார், மைக்காரர் வால்யூமைக் கூட்டுவார். கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடும், பேச்சு இன்னும் புரியாது, ஒரு கட்டத்தில் மைக் 'கூ'வென்று கத்தும்.

இதற்கு மருந்து பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இல்லை. மேடையின் இரு பக்கமும் உள்ள பாக்ஸை அளவான சத்தத்தில் வைத்து, மண்டபத்தின் நடுவில் இரு சுவரோரமும் இரண்டு சின்ன பாக்ஸ் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கிட்டத்திலிருந்தே சத்தம் போகும். பாக்ஸ் எதுவும் மைக்குக்குப் பின்னால் நின்று மைக்கைப் பார்த்தபடி இருக்கக்கூடாது, கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

எங்களுக்கு முதல் விலை ரூ.7,000. இரண்டு பாக்ஸ், மிக்ஸர், இரண்டு கார்ட்லெஸ், இரண்டு ஸ்டாண்ட் மைக், ஆபரேட்டர், மாலை நான்கிலிருந்து பத்து வரை. நடு பாக்ஸ் இரண்டும், ஆடுகிற பிள்ளைகளுக்குப் பாட்டுக் கேட்க மேடையில் ஒரு மானிட்டர் பாக்ஸும் சேர்த்து ரூ.2,500. வண்டி வாடகை ரூ.800. மொத்தம் ரூ.10,300. நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, கார்ட்லெஸ் மைக்குக்குப் பேட்டரி யார் பொறுப்பு, இரண்டையும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டுகளை ஒரே பென்டிரைவில் போட்டு, நிகழ்ச்சி வரிசைப்படி 01, 02, 03 என்று பெயர் மாற்றி, முதல் நாளே ஆபரேட்டரிடம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அம்மாவும் தன் செல்போனை நீட்டினால், இடையில் அழைப்பு வந்து பாட்டு நிற்கும். மேடையில் பிள்ளை கை தூக்கியபடி முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

மண்டபத்துக்குள் வைத்தாலும் போலீஸ் அனுமதி வேண்டுமா?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வைக்கக்கூடாது. சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடத்துக்குள் மட்டும் கேட்கும்படி வைத்தால் அந்த இரவு நேரத் தடையில் விலக்கு உண்டு. ஆனால் வாசலில் ஒரு பாக்ஸைத் திருப்பி வைத்த மறு நிமிடமே அந்த விலக்கு போய்விடும். நாங்கள் வருஷா வருஷம் பத்து நாள் முன்னாடியே ஸ்டேஷனில் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுகிறோம். சாலையோரம் பேனர் வைப்பதற்குத் தனி அனுமதி தேவை, நாங்கள் அதை வைப்பதே இல்லை.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று எப்படி நிர்ணயிப்பது?

செலவை மொத்த வீடுகளால் வகுக்கக்கூடாது, கொடுக்கிற வீடுகளால் வகுக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்று இனமும் சேர்ந்து ரூ.28,000. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம், ரூ.2,800. ஆக ரூ.30,800 வேண்டும். 132 வீட்டால் வகுத்தால் 233 ரூபாய் வருகிறது. வீட்டுக்கு 250 வைத்தால் 33,000 சேரும், தாராளம் என்று தோன்றும். ஆனால் முந்தின வருஷ ரசீதுக் கட்டைகளை எண்ணினால் கொடுத்தது 98 வீடு. 98 வீட்டுக்கு 250 என்றால் 24,500-தான், ரூ.6,300 துண்டு விழும். நான் பொறுப்பேற்ற முதல் வருஷம் இப்படித்தான் ஆகி, துண்டு விழுந்ததைக் கையிலிருந்து போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாங்கினேன்.

30,800-ஐ 98-ஆல் வகுத்தால் 314 ரூபாய். 300 வைத்தால் ரூ.1,400 குறைகிறது, ஆகவே 350 வைத்தோம். 98 வீடு கொடுத்தால் 34,300. முதல் தடவை நடத்துகிறவர்களுக்குப் பழைய ரசீது இருக்காது. பாதி வீடு என்று வைத்துத் திட்டமிடுங்கள், மேலே வந்தால் மகிழ்ச்சி.

கொடுக்காத 34 வீட்டில் பூட்டிய வீடு, வெளியூர் போனவர்கள், துக்கம் நடந்த வீடு, விருப்பமில்லாதவர்கள் எல்லோரும் உண்டு. காரணம் கேட்காதீர்கள். அழைப்பிதழ் அந்த வீடுகளுக்கும் போக வேண்டும், அதனால்தான் அட்டைக் கணக்கில் 132-ஐயும் வைத்தேன். வாடகைக்கு இருப்பவர்களை 'நீங்க எதுக்கு' என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் நகரில் மேடையில் ஆடுகிற பிள்ளைகளில் பாதி வாடகை வீட்டுப் பிள்ளைகள்.

வசூலுக்குப் போகும்போது ரசீது, ஜிபே எல்லாம் குழம்புகிறது. ஒழுங்கான முறை என்ன?

வரிசை எண் அச்சிட்ட, கார்பன் வைக்கும் ரசீதுப் புத்தகம் ஒன்று. யுபிஐ பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும், யாருடைய சொந்த நம்பருக்கும் வேண்டாம். சொந்தக் கணக்கில் வந்தால் பால் காசும் விழாக் காசும் கலந்துவிடும், நேர்மையானவரும் பதில் சொல்ல முடியாமல் திணறுவார். அனுப்புகிறவர் குறிப்பில் கதவு எண்ணைப் போடச் சொல்லுங்கள். ரொக்கமோ யுபிஐயோ, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. யுபிஐ என்றால் ரசீதில் அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேலும், மற்ற நாளில் இரவு ஏழுக்கு மேலும் ஆள் இருப்பார்கள். வந்தவுடன் அன்றைக்கே கணக்கை முடிக்க வேண்டும். ஒரு ஞாயிறு எங்கள் மேஜையில் நடந்தது இது: ரசீது 23 முதல் 41 வரை, 19 ரசீது. 350 வீதம் ரூ.6,650 இருக்க வேண்டும். ரொக்கம் எண்ணினால் 3,850, வங்கிக் கணக்கில் வந்தது 2,450. கூட்டினால் 6,300, ஒரு வீட்டுப் பணம் இல்லை. கட்டையைப் புரட்டினோம். 31-ஆம் ரசீதில் யுபிஐ என்று எழுதியிருந்தது, பரிவர்த்தனை எண் இடம் காலி. அந்த வீட்டு அம்மாவிடம் போனால், அனுப்பும்போது நெட் போய்விட்டிருக்கிறது, அவர்களுக்கும் தெரியவில்லை. அங்கேயே மறுபடி அனுப்பினார்கள். விழா முடிந்து தேடியிருந்தால் யார் மேலேயோ சந்தேகம் போயிருக்கும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாமல், இரண்டு தாளையும் 'ரத்து' என்று எழுதிக் கட்டையிலேயே விடுங்கள்.

பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தால் கணக்கில் எப்படிக் காட்டுவது?

வரவிலும் எழுதுங்கள், செலவிலும் எழுதுங்கள். ஒருவர் வாழைமரம் வாங்கிக் கொடுத்தால் 1,200 வரவு அவர் பெயரில், 1,200 செலவு அலங்காரத்தில். இல்லாவிட்டால் அடுத்த வருஷப் பொருளாளர் 'போன தடவை வாழைமரச் செலவே இல்லையே' என்று எஸ்டிமேட்டைக் குறைத்துவிடுவார்.

வசூல் குறைவாக வந்தால் எதை வெட்டுவது?

முதலில் விளக்கு, அப்புறம் பின்திரை. மேடையின் பின்சுவரில் நல்ல பட்டுப் புடவைகளை மடித்துத் தொங்கவிட்டு ஒரு வருஷம் நடத்தியிருக்கிறோம், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அழைப்பிதழை வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, விருந்தினருக்கு மட்டும் 50 அட்டை அடிக்கலாம். ஒலியில் கை வைக்காதீர்கள். பேச்சும் பாட்டும் கேட்காத விழாவில் முக்கால் மணி நேரத்தில் நாற்காலிகள் காலியாகும்.

வெட்ட வேண்டிய நிலைமை கடைசி நேரத்தில் தெரியாமலிருக்க, கையில் வந்த பணத்துக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள். எங்கள் வரிசை இது: முதல் வார வசூலில் மைக் செட்டுக்கு முன்பணம், ஏனென்றால் தையில் மைக்காரர்கள் சீக்கிரமே வேறு விழாக்களுக்குப் புக் ஆகிவிடுவார்கள். இரண்டாம் வாரம் நிகழ்ச்சி நிரல் முடிவானதும் அழைப்பிதழ். மூன்றாம் வாரம் பின்திரையும் விளக்கும். அந்த வார முடிவில் கையில் எவ்வளவு நிற்கிறதோ, பூவையும் வாழையையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

கணக்கை எப்போது, எப்படி ஒப்படைப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள். மைக்காரருக்கும் அலங்காரக்காரருக்கும் மீதியைக் கொடுத்து, பில்லில் 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று கையெழுத்து வாங்கியபின் ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். இடப் பக்கம் கதவு எண் வாரியாக வரவு, வலப் பக்கம் செலவு. கொடுக்காத வீடுகளின் பட்டியலை ஒட்டக்கூடாது. மீதம் இருந்தால் தொகையைக் கடைசி வரியில் எழுதி, வங்கியிலேயே விடுங்கள். பில்களையும் ரசீதுக் கட்டைகளையும் ஒரு பையில் போட்டு, மேலே வருஷத்தை எழுதி, அடுத்த பொருளாளர் கையில் கொடுங்கள். அவருக்கு முதலில் தேவைப்படும் எண், எத்தனை வீடு கொடுத்தது என்பது, அந்தக் கட்டைகளில்தான் இருக்கிறது.